படமில்லா வட்டங்கள்

சில வாரங்களாக இவ்வலைப்பூவின் பக்கம் வர இயலவில்லை. தேர்வுத்தாள் திருத்துதல் ஒரு காரணம். மற்றொரு காரணம், நான் செய்துவிட்ட ஒரு பிழை. அதைச் சரிசெய்யப் போய் மின்னஞ்சல் பற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோரோடு மின்னஞ்சல்வழித் தொடர்பு வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் வகுப்பில் இவ்வாண்டு ஒரே பெயருடைய தாய்மார் இருவர் இருக்கின்றனர். பெயர் மட்டுமன்று, ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக் கூட்டலும் ஒன்றே. ஒருவர் சுங்கை பாக்காப் பட்டணத்துக்குள்ளேயே இருக்கிறார். மற்றவர் பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். இருவரும் எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் எழுதுவர். இதுவரை எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. உள்பெட்டியைத் திறந்தால் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் அவர்களின் முகம் தெரியும். ஒருவர் மஞ்சள் சேலை, மற்றவர் கண்ணாடி அணிந்தவர். நான் பெயரைப் படித்ததே இல்லை போலும், முகத்தை மட்டுமே பார்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இது பின்னர்தான் விளங்கிற்று.

பழைய கைப்பேசி ஒரு மழைநாளில் நனைந்து பழுதாகிப் போகப் புதியது ஒன்று வாங்கினேன். அஞ்சல் படிக்கத் தண்டர்பேர்ட் செயலியையே மீண்டும் நிறுவினேன். பல்லாண்டுகளாகக் கே-9 என்ற பெயரில் நான் பயன்படுத்தி வந்த செயலியை அடித்தளமாகக் கொண்டு 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கு வெளிவந்ததுதான் இது. அஞ்சல்கள் யாவும் வந்து சேர்ந்தன. ஆனால், முகங்கள் வரவில்லை. எல்லாருக்கும் ஒரு வண்ண வட்டம், அதற்குள் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இரு தாய்மாருக்கும் வட்டத்துக்குள் ஒரே எழுத்து. நாளடைவில் படங்கள் தாமாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் ஒரு தாய், தம் மகளின் வாசிப்பு எந்நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். ஒளிவுமறைவின்றி விரிவாகவே பதில் எழுதினேன். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் பிள்ளைக்கு இருக்கும் தடுமாற்றம், வகுப்பில் மற்றவர்கள் சிரித்தபோது அவள் அழுதது, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி எல்லாம் அதில் இருந்தன. அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "டீச்சர், இது என் மகளைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். நான் முழுவதும் படிக்கவில்லை, அழித்துவிட்டேன்." உள்பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு வட்டங்களில் தவறான வட்டத்தைத் தொட்டு அதற்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்!

முழுவதும் படிக்கவில்லை என்று அவர் எழுதியது எனக்காகச் சொன்ன நயமான சொல் என்பதை உணராமல் இல்லை. மறுநாள் பள்ளி முடிந்ததும் உரிய தாயை நேரில் கண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கு இப்போ தெரியுமா, டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

அன்றிரவு படங்களைத் திரும்பக் கொண்டுவர முயன்றேன். முதலில் செய்ததெல்லாம் வீண்வேலை. செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். கணக்கை அழித்து மீண்டும் சேர்த்தேன். அஞ்சல்கள் அனைத்தையும் புதிதாக இறக்கினேன். படங்கள் அஞ்சலோடு வருகின்றன, இடையில் எங்கோ நின்றுவிட்டன என்பது என் எண்ணம். இந்த எண்ணம்தான் அடிப்படைப் பிழை. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்புநரைப் பற்றி இருப்பது பின்வரும் ஒரு வரிதான்:

```
From: Ibu Murid <ibu@example.com>
```

ஒரு பெயர், ஒரு முகவரி. முகம் எதுவும் அதனுள் இல்லை. முன்னொரு காலத்தில் X-Face என்றொரு வரியைத் தலைப்பகுதியில் சேர்த்து, அகலத்தில் 48 புள்ளியும் உயரத்தில் 48 புள்ளியும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைக் கடிதத்தோடே அனுப்பும் வழக்கம் கணினித்துறையினர் சிலரிடையே இருந்தது. அது பொதுமக்களிடம் பரவவில்லை. ஆகவே, நமக்கு வரும் கடிதத்தில் படம் இல்லை. நாம் உள்பெட்டியில் காணும் முகத்தை, படிக்கும் செயலிதான் வேறோர் இடத்திலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் ஒட்டுகிறது. எங்கிருந்து எடுக்கிறது என்பது செயலிக்குச் செயலி மாறும். அதை அறிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நான் பயன்படுத்தும் செயலி தேடும் இடம் என் கைப்பேசியின் தொடர்புப் பட்டியல். From வரியில் உள்ள முகவரியை எடுத்துக்கொண்டு, இம்முகவரி உடைய தொடர்பு ஏதேனும் உண்டா, அதற்குப் படம் உண்டா என்று கைப்பேசியைக் கேட்கிறது. இருந்தால் படம். இல்லையேல் எழுத்து. பெயரை அது பார்ப்பதே இல்லை. பெயர் பொருந்தியும் முகவரி பொருந்தாவிட்டால் படம் வராது. வட்டத்தின் வண்ணத்துக்கும் பொருள் ஏதுமில்லை, கணக்குப் போட்டுத் தானாகத் தேர்ந்தெடுப்பதுதான்.

இதனை அறிந்தபின் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன். முதலில் செயலியின் அமைப்புகளில் பொது அமைப்பு, அதனுள் காட்சிப் பகுதிக்குச் சென்றேன். Show contact pictures என்ற தெரிவு அங்கே இருக்கிறது. அது முன்பே தேர்வு செய்யப்பட்டிருந்தது. ஆக, குறை அங்கில்லை.

அடுத்து அனுமதி. ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், ஒரு செயலி நம் தொடர்புப் பட்டியலைப் படிக்க வேண்டுமானால் நம்மிடம் கேட்டு இசைவு பெற வேண்டும். புதிய கைப்பேசியை ஆயத்தப்படுத்திய அன்று கேள்விமேல் கேள்வியாக வந்தவற்றுக்கெல்லாம் எரிச்சலோடு "வேண்டாம்" என்று அழுத்திக்கொண்டே போனது நினைவுக்கு வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்ட்ராய்டின் பதினோராம் பதிப்பிலிருந்து, ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால் கைப்பேசி அதன்பின் அக்கேள்வியைக் காட்டாது. செயலி தவிப்பதும் நமக்குத் தெரியாது. அஞ்சல் வழக்கம்போல் வரும், பிழைச்செய்தி எதுவும் இராது, முகங்கள் மட்டும் இரா. கைப்பேசியின் அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, தண்டர்பேர்டைத் தொட்டு, அனுமதிகள் என்பதன்கீழ் தொடர்புகளுக்கு இசைவு கொடுத்தேன். செயலியை மூடித் திறந்தேன்.

நான்கு முகங்கள் தோன்றின! நால்வரும் உடன் பணிபுரியும் ஆசிரியர்கள். மகிழ்ச்சி ஒரு நிமிடம்தான் நீடித்தது. பெற்றோர் ஒருவர்கூட அந்நால்வரில் இல்லை.

ஆயினும், இந்த நால்வரால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. ஒருவர் முகமாவது தெரிகிறது என்றால் செயலியின் தெரிவும் சரி, அனுமதியும் சரி. இனிக் குறை அந்தந்தத் தொடர்பில்தான் இருக்க வேண்டும். உங்கள் கைப்பேசியில் ஒரு முகமும் தெரியவில்லை என்றால் இப்படிச் சோதிக்கலாம்: உள்பெட்டியில் உள்ள ஓர் அஞ்சலின் முகவரியை அப்படியே நகலெடுத்து, புதிய தொடர்பு ஒன்றில் ஒட்டி, ஏதேனும் ஒரு படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது தோன்றினால் செயலியைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

பெற்றோரின் தொடர்புகளைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது, தொலைபேசி எண் இருந்தது. மின்னஞ்சல் முகவரியும் இல்லை, படமும் இல்லை. காரணம் எளிது. பழைய கைப்பேசியில் ஆசிரியர்களின் தொடர்புகளைக் கூகள் கணக்கில் சேமித்திருந்தேன். அவை கணக்கோடு புதிய கைப்பேசிக்கு வந்துவிட்டன. பெற்றோரின் தொடர்புகளையோ அந்தக் கைப்பேசியின் நினைவகத்திலேயே வைத்திருந்தேன். கைப்பேசி முற்றாகச் செயலிழக்கும் முன் என் கணவர் அவசர அவசரமாக அவற்றைச் சிம் அட்டைக்கு மாற்றிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் செய்த உதவிதான். ஆனால், சிம் அட்டையில் நிழற்படத்துக்கு இடமில்லை. பெயரும் எண்ணும் கரையேறின, மற்றவை நனைந்த கைப்பேசியோடு போயின.

இங்கே உங்களில் பலர் கேட்கக்கூடிய கேள்வியை என் கணவரும் கேட்டார். "புலனத்தில் எல்லாருடைய படமும் தெரிகிறதே, இதில் மட்டும் ஏன் இல்லை?" புலனத்தில் நாம் காண்பது ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் வைத்துக்கொள்ளும் படம். அது அந்நிறுவனத்தின் வழங்கியில் தொலைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. நம் தொடர்புப் பட்டியலுக்குள் அது வந்து அமர்வதில்லை. அஞ்சல் செயலிக்குத் தெரிந்ததோ மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். ஒரே கைப்பேசியில் ஒரே தாயின் முகம் ஓரிடத்தில் தெரிந்து இன்னோரிடத்தில் தெரியாமல் போவதன் காரணம் இதுவே.

பிறகென்ன, உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான். ஒவ்வொரு தொடர்பையும் புதிதாக அமைத்தேன். புதிய தொடர்பு உருவாக்கும்போது எங்கே சேமிப்பது என்று கேட்கும் இடத்தில் சாதனம், சிம், கூகள் கணக்கு என்பவற்றுள் கூகள் கணக்கைத் தேர்ந்தேன். முகவரியைக் கையால் தட்டாமல், வந்த அஞ்சலிலிருந்தே நகலெடுத்தேன். படத்துக்கு மட்டும் தயக்கம். அவர்களைக் கேட்காமல் முகநூலிலிருந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த நாளில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொள்ள விட்டனர். சிலர் வேண்டாம் என்றனர். வேண்டாம் என்றவர்களுக்கு என்ன செய்வது? அவர்களின் பிள்ளை வகுப்பில் வரைந்த ஓவியம் ஒன்றைப் படம்பிடித்து வைத்துவிட்டேன். தொடர்பில் வைக்கும் படம் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று கைப்பேசி கேட்பதில்லை. செம்பருத்திப் பூ, ஒரு மீன், சக்கரம் கழன்ற பேருந்து எல்லாம் இப்போது எனக்கு அஞ்சல் எழுதுகின்றன.

இவ்வளவு செய்தும் இருவருக்குப் படம் வரவில்லை. அவ்விரண்டும் வேறுவேறு காரணங்கள், இரண்டும் எல்லாருக்கும் நேரக்கூடியவை.

முதலாமவர், பத்து காவானில் வேலை செய்யும் அந்தத் தாய்தான். அவருடைய தொடர்பில் நான் எழுதி வைத்தது அவருடைய சொந்த முகவரி. அவரோ பகலில் அலுவலக முகவரியிலிருந்து எழுதுகிறார். எனக்கு அவர் ஒருவர்தான், செயலிக்கோ இரண்டு பேர். அதே தொடர்பில் இரண்டாம் முகவரியையும் சேர்த்தவுடன் படம் வந்துவிட்டது. ஒரு தொடர்பில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம். தனித்தனித் தொடர்பு வேண்டியதில்லை.

இரண்டாமவர் ஒரு தந்தை. அவர் முகவரியை மட்டும் வருகைப் பதிவின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தட்டியிருந்தேன். அவருக்கு நான் அனுப்பும் அஞ்சல் போய்ச் சேர்கிறது, அவரும் பதில் எழுதுகிறார். எனவே முகவரி சரிதானே என்று இரண்டு நாள் இருந்துவிட்டேன். பிறகு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. அவர் கூகள் அஞ்சல் வைத்திருப்பவர். அவருடைய முகவரியில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி உண்டு. நான் புள்ளியை விட்டுவிட்டேன். கூகள் அஞ்சலில் @ குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளை அந்நிறுவனம் கணக்கில் கொள்வதில்லை. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிதம் அதே பெட்டியில் விழும். கைப்பேசியின் தொடர்புப் பட்டியலோ புள்ளியையும் ஓர் எழுத்தாகவே ஒப்பிடுகிறது. அஞ்சல் போய்ச் சேர்வது முகவரி சரியாக எழுதப்பட்டிருப்பதற்குச் சான்றாகாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மெய்யெழுத்தில் புள்ளி வைக்க மறந்த மாணவர்களுக்கு எத்தனை மதிப்பெண் குறைத்திருப்பேன்! எனக்கு அது திரும்பி வந்தது.

இதற்கிடையில் என் கணவரின் கைப்பேசியில் வேறொன்றைக் கவனித்தேன். அவர் கூகளின் ஜிமெயில் செயலியில் அஞ்சல் படிப்பவர். அவர் தொடர்புப் பட்டியலில் யாருக்கும் படம் வைத்ததில்லை. ஆனாலும் பலருக்கு முகம் தெரிகிறது. அச்செயலி, தொடர்புப் பட்டியலோடு, அனுப்புநர் தம் கூகள் கணக்கில் வைத்திருக்கும் படத்தையும் எடுத்து வருகிறது. ஃபேர்இமெயில் என்றொரு செயலி இருக்கிறது. நாம் இசைந்தால் அது கிராவட்டார் என்னும் இடத்திலும் தேடும். 2004 முதல் இருந்து வரும் சேவை அது. ஒருவர் தம் முகவரிக்கு ஒரு படத்தை அங்கே பதிந்து வைத்தால், அம்முகவரியைக் கொண்டு கேட்கும் எந்தச் செயலிக்கும் அப்படம் கிடைக்கும். வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் தெரியும் சின்னம் இவை எல்லாவற்றிலும் வேறு வழியில் வருகிறது. தங்கள் இணையப் பெயரின் பதிவிலேயே சின்னம் இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கிறார்கள். 2021 முதல் ஜிமெயில் அதனைக் காட்டி வருகிறது.

"அப்படியானால் உன் செயலியைவிட என்னுடையது நல்லது அல்லவா, ஒன்றும் செய்யாமலே படம் வருகிறதே" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன், வேறொரு பள்ளியில் பணியாற்றும் தோழி தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் வரை.

அவருக்கு ஒரு மாலையில் தலைமையாசிரியரின் பெயரோடும் படத்தோடும் ஓர் அஞ்சல் வந்திருக்கிறது. "கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது, அன்பளிப்பு அட்டைகள் சில வாங்கி எண்களை அனுப்புங்கள், நாளை பணம் தருகிறேன்." முகம் தலைமையாசிரியரின் முகமேதான். முகவரியோ யாரோ ஒருவர் புதிதாகத் திறந்த இலவசக் கணக்கு. பள்ளியின் பக்கத்திலிருந்து படத்தை எடுத்து அக்கணக்கில் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போய்விட்ட தோழி, முகப்பில் நின்றபடி ஐயம் வந்து தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்ததால் தப்பினார்.

அதே அஞ்சல் என் கைப்பேசிக்கு வந்திருந்தால் எழுத்து வட்டம்தான் தெரிந்திருக்கும். அந்த முகவரி என் பட்டியலில் இல்லை, எனவே ஒட்டுவதற்குப் படமும் இல்லை. அனுப்புநர் வைத்துக்கொண்ட படம் அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நான் வைத்த படம் நான் அறிந்ததைச் சொல்வது. வழக்கமாக முகத்தோடு வருபவர் திடீரென்று எழுத்தோடு வந்தால், முகவரி மாறியிருக்கிறது என்று பொருள். இப்போதெல்லாம் அத்தகைய அஞ்சலில் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்க்காமல் பதில் எழுதுவதில்லை.

ஆனால், இதற்கும் எல்லை உண்டு, மறைக்கக்கூடாது. From வரியில் உண்மையான முகவரியையே பொய்யாக எழுதி அனுப்ப முயல்பவர்களும் இருக்கிறார்கள். அஞ்சல் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றை வடிகட்டிவிடுகின்றன. தப்பி வரும் ஒன்றுக்கு என் செயலி நான் வைத்த படத்தையே ஒட்டிவிடும். அது முகவரியை ஒப்பிடுகிறதே தவிர, கடிதம் எங்கிருந்து புறப்பட்டது என்று ஆராய்வதில்லை. பணம் கேட்கும் கடிதம் என்றால் முகம் தெரிந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும்.

இன்னொரு செய்தி. ஜிமெயிலைக் கணினியில் திறந்து பார்க்கும் பெற்றோர் சிலர், உள்பெட்டியில் முகமே இல்லையே, தங்களிடம் ஏதோ கெட்டுவிட்டதோ என்று கேட்டனர். கெடவில்லை. கணினித் திரையில் அப்பட்டியல் முகங்களைக் காட்டுவதில்லை. அஞ்சலைத் திறந்த பின்தான் தெரியும். கைப்பேசிச் செயலியில்தான் பட்டியலிலேயே தெரிகிறது.

அந்த இரு தாய்மார் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மஞ்சள் சேலைக்காரர் பழையபடி அதே படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றவரிடம், எந்தப் பிள்ளையைப் பற்றி நான் தவறான இடத்துக்கு எழுதினேனோ அப்பிள்ளையின் தாயிடம், படம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரும் தம் முகம் வேண்டாம் என்றார். மகள் வரைந்த செம்பருத்தியைத்தான் வைத்தேன். சென்ற வெள்ளியன்று அந்தச் செம்பருத்தியிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. பிள்ளை வீட்டில் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்த ஒலிப்பதிவு இணைப்பில் இருந்தது. பதில் எழுதத் தொடங்கும் முன் முகவரியை இரண்டு முறை படித்தேன்.